இந்த போனில் தமிழ் தெரியாது

2024 ஜூலை 8, திங்கட்கிழமை. 5.10-க்கு எழுந்தேன். 5.25-க்குப் பால் காய்ச்சினேன். மழை விட்டிருந்தது, ஆனால் மாடிப்படியின் கீழ் மூன்று படிகள் ஈரம். 6.40-க்குக் கணவருக்குச் சாயா, 7.15-க்குப் புட்டும் கடலையும். 7.50-க்கு அவர் எர்ணாகுளம் பஸ் பிடிக்கக் கிளம்பினார். 8.45-க்கு நான் கண் கிளினிக்கில் என் மேசையில் இருந்தேன். டோக்கன் 43. அதில் கண்புரை பார்க்க வந்தவர்கள் ஒன்பது பேர். 1.40-க்கு வீடு. மோர்க்குழம்பு, பீன்ஸ். 2.30 முதல் 3.10 வரை படுத்திருந்தேன், தூங்கவில்லை.

இவ்வளவும் என் நாட்குறிப்பில் இருக்கிறது. கல்யாணமாகி மட்டாஞ்சேரிக்கு வந்த முதல் வாரத்திலிருந்து எழுதுகிறேன். இரவு எட்டரைக்கு உட்கார்ந்தால் கால் மணி நேரத்தில் முடித்துவிடுவேன். தமிழில்தான் எழுதுவேன். இந்த வீட்டில் எல்லாரும் தமிழ் பேசுவார்கள், ஆனால் யாரும் தமிழ் எழுதமாட்டார்கள். கணவரும் அவர் தம்பியும் மலையாளப் பள்ளியில் படித்தவர்கள். பெங்களூரில் இருக்கும் மகன் எனக்கு ஆங்கிலத்தில் எழுதுகிறான். கிளினிக்கில் பதிவேடு மலையாளம். நான் தமிழ் எழுத்தில் எழுத, எனக்குத் தமிழ் எழுத்தில் பதில் எழுத, உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான் உண்டு. தென்காசியில் இருக்கும் என் தங்கை. முதலில் இன்லண்ட் கவர், பிறகு போன். அவளுடைய கடிதங்கள் எல்லாம் வருட வாரியாகக் கட்டி பீரோவில் வைத்திருக்கிறேன்.

அந்த ஒரே ஆளைத்தான் பிப்ரவரி மாதத்தில் கீழ்வீட்டுக்காரியிடம் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

கீழ்வீட்டுக்காரி என்றால் என் ஓரகத்தி, கணவரின் தம்பி மனைவி. நாங்கள் மாடியில், அவர்கள் கீழே. அவள் கொச்சியிலேயே பிறந்த தமிழ்க் குடும்பத்துப் பெண். ஜூ டவுனில் வாசனைச் சரக்குக் கடை ஒன்றின் பின்னால் இருக்கும் கிடங்கில் ஏலக்காய் தரம் பிரித்துப் பொட்டலம் போடுகிறாள். அவளிடம் இருப்பது பட்டன் போன். பெரிய போன் ஒன்று இருந்தது. மீன் கழுவின வாளிக்குள் விழுந்துவிட்டது. அதன்பிறகு அவள் வேறு வாங்கிக்கொள்ளவில்லை. விரலில் தூசு இருந்தாலும் பட்டன் கேட்கும் என்பாள்.

பிப்ரவரியில் என் போன் சார்ஜ் ஏறாமல் போய் நான்கு நாள் ரிப்பேருக்குக் கொடுத்திருந்தேன். அந்த நான்கு நாளும் தங்கையை ஓரகத்தியின் நம்பருக்கு மெசேஜ் அனுப்பச் சொல்லியிருந்தேன். முதல் மெசேஜ் வந்தபோது ஓரகத்தி போனை மாடிக்கே எடுத்து வந்து காட்டினாள். திரை முழுக்கச் சின்னச் சின்னக் காலிக் கட்டங்கள். கட்டம், கட்டம், கட்டம், பிறகு ஒரு கமா, மறுபடியும் கட்டங்கள், நடுவில் 3 என்ற எண், கடைசியில் ஒரு கேள்விக்குறி. கமாவும் எண்ணும் கேள்விக்குறியும் ஆங்கிலத்துக்கும் பொது என்பதால் தெரிந்தன. தமிழ் எழுத்து அந்த போனுக்குள்ளேயே இல்லை. மெனுவில் பார்த்தேன். ஆங்கிலமும் இந்தியும் மட்டும்தான் இருந்தன. என் தங்கை என்னிடம் ஏதோ கேட்டிருக்கிறாள், மூன்று என்று ஏதோ சொல்லியிருக்கிறாள், அவ்வளவுதான் தெரிந்தது.

அந்த போனை வாங்கி நானே பதில் அடித்தேன். அப்போது அடித்தது அப்படியே நாட்குறிப்பில் இருக்கிறது. "Tamil-la ezhuthu, aanaa English ezhuthula. Intha phone-la Tamil theriyathu."

ஐந்து நிமிடத்தில், ஓரகத்திதான் அடித்தாள் என்று நினைத்து, தங்கையிடமிருந்து வந்தது: "phone-ku theriyaatha, illa ungalukku theriyaatha?"

ஓரகத்தி அதைப் படித்துவிட்டு என் கட்டிலில் உட்கார்ந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். என் போன் சரியாகி வந்தது. ஓரகத்தியின் போனுக்கு வந்துகொண்டிருந்தது மட்டும் நிற்கவில்லை.

முதலில் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒருவரை ஒருவர் கல்யாணத்தில் பார்த்தவர்கள், விசாரித்துக்கொள்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். என் தங்கை ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் நிற்கிறாள். கடையில் போன் பேச விடமாட்டார்கள், மெசேஜ் பார்க்கலாம். ஓரகத்திக்கும் கிடங்கில் அதே நிலைதான். இருவருக்கும் ஒரே நேரத்தில் சாப்பாட்டு இடைவேளை. மதியம் 1.15-லிருந்து 1.45 வரை.

ஏப்ரலில் நான் எண்ண ஆரம்பித்தேன். எனக்கு வருபவை என் போனில் தெரியும். அவளுக்கு வருபவை அவளே சொல்லித் தெரியும். அவள் எதையும் ஒளிப்பவள் இல்லை. மாலையில் படியில் உட்கார்ந்து, "அக்கா, உங்க தங்கச்சி இன்னைக்கு என்ன எழுதியிருக்கு கேட்டோ" என்று சத்தமாக வாசிப்பாள். கடைக்கு வந்த கல்யாண வீட்டுக்காரர்கள் நாற்பது சேலையைப் பிரிக்க வைத்து ஒன்றும் எடுக்காமல் போனது. மேற்பார்வையாளரின் விக். வடக்கே லாரி ஓட்டிப் போகும் தங்கையின் கணவர் ஊர் ஊராக வாங்கி வரும் ஒரே மாதிரி வளையல். என் தங்கையின் குரல் இன்னொருத்தி வாயிலிருந்து, கொச்சி இழுப்போடு வந்தது. அதை நான் காய் நறுக்கிக்கொண்டே கேட்டேன்.

அதே நாட்களில் எனக்கு வந்தவற்றைப் பார்த்தேன். "நலம். இங்கு வெயில் அதிகம்." "நலம். அனைவரையும் கேட்டதாகச் சொல்லவும்." ஏப்ரல் மாதக் கணக்கு: எனக்கு 19. ஓரகத்திக்கு, அவள் வாசித்துக் காட்டியவை மட்டும், 112.

கிளினிக்கில் நோயாளிகளுக்கு மலையாளத்தில் நினைவூட்டல் அனுப்புகிறோம். அதைப் பொருத்திக் கொடுத்த ஆள் சொல்லியிருந்தார். ஆங்கில எழுத்தில் ஒரு எஸ்.எம்.எஸ்ஸுக்கு 160 எழுத்து வரை போகும், நம் எழுத்து ஒன்று கலந்தாலும் 70-க்கு மேல் போனால் இரண்டாகிவிடும் என்று. இதை வைத்து நான் எனக்கு ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆங்கில எழுத்தில் ஒரே மெசேஜில் இரண்டு மடங்கு எழுதலாம், அதனால்தான் அவளுக்கு நீளமாக எழுதுகிறாள் என்று. ஆனால் எனக்கு எழுதுவது வேறு வழியில், இன்டர்நெட்டில் போவது. அதில் அந்த அளவெல்லாம் கிடையாது. எவ்வளவு வேண்டுமானாலும் எழுதலாம்.

மே மாதத்தில் ஓரகத்தியின் இன்பாக்ஸ் நிறைந்து புது மெசேஜ் உள்ளே வராமல் நின்றது. பழையதை அழிக்க வேண்டும் என்று போன் கேட்டது. அவள் தன் கணவருடையதை எல்லாம் அழித்தாள், சம்பளச் செய்திகளை அழித்தாள், என் தங்கையினுடையதில் ஒன்றைக்கூடத் தொடவில்லை. அன்று இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நாட்குறிப்பில் "அஜீரணம்" என்று எழுதியிருக்கிறேன்.

ஜூன் நடுவில் நடந்ததை மட்டும் நான் சரியாகச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பிறகு நடந்தது எல்லாம் அதிலிருந்துதான் வந்தது.

ஓரகத்தி படியில் உட்கார்ந்து வாசித்தாள்: "jannal pakkam ukkaanthu malai paathuttu irukken." வாசித்துவிட்டு, "ஆமா, தென்காசியில ஜன்னலைத் திறந்தா மலைதானே" என்றாள். பதிலாக, எனக்கும் ஒரு நாள் அந்த மலையைக் காட்டு என்று அடித்தாள்.

அது மலை இல்லை, மழை. ஜூன் நடுவில் அங்கே சாரல் பிடித்துவிடும். என் தங்கைக்கு ஆங்கில எழுத்தில் ழகரம் கிடையாது. பழம் அவளுக்கு palam, வாழை vaalai. எங்கள் ஊர்ப் பக்கம் பலரும் அப்படித்தான் அடிப்பார்கள். தமிழ் என்ற சொல்லையே l போட்டுத்தானே எல்லாரும் எழுதுகிறோம். கொச்சியில் அப்படி இல்லை. இங்கே மழை என்றால் mazha, வழி என்றால் vazhi. ஆலப்புழை பஸ்ஸின் பெயர்ப்பலகையிலும் கோழிக்கோடு பஸ்ஸின் பெயர்ப்பலகையிலும் zh இருக்கும். அதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு l என்றால் ல, அல்லது ள. ஓரகத்திக்கு malai என்றால் மலைதான். அதில் அவளுக்குச் சந்தேகமே வராது.

ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். யாருக்குப் பிழை வந்தாலும் திருத்தாமல் விடாதவள் நான். அன்று வாயைத் திறக்கவில்லை. பீன்ஸின் நாரை உரித்துக்கொண்டிருந்தேன். இவர்கள் இருவரும் ஒருவரை ஒருவர் முழுதாகப் புரிந்துகொள்ளாமலேதான் பேசிக்கொள்கிறார்கள் என்ற நினைப்பு எனக்கு இனிப்பாக இருந்தது. அந்த இனிப்பை மூன்று வாரம் வைத்திருந்தேன்.

ஜூலை 8-க்கு வருகிறேன். மாலை 6.10-க்கு ஓரகத்தி மாடிக்கு வந்தாள். சேலையில் ஏலக்காய் மணம். முகம் சரியாக இல்லை. சாயா வேண்டுமா என்றேன், வேண்டாம் என்றாள். நின்றுகொண்டே சொன்னாள்.

"அக்கா, எனக்கு ஒன்னும் மனசிலாகலை. ரெண்டு திவசமா உங்க தங்கச்சிகிட்ட இருந்து மறுபடி இல்லை. நான் ஏதாச்சும் தப்பா எழுதிட்டேனா, நீங்க ஒன்னு பாருங்க."

எங்கள் ஊரில் மறுபடி என்றால் மீண்டும். இங்கே அதற்குப் பதில் என்று அர்த்தம். இரண்டு நாளாகப் பதில் இல்லை என்கிறாள். எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். போனைக் கையில் வாங்கியபோதுகூட அந்தச் சந்தோஷம் போகவில்லை.

கடைசியாக வந்தது சனிக்கிழமை மதியம் 1.22-க்கு. அதை இங்கே அப்படியே எழுதுகிறேன்.

"doctor paathaaru. vera vali illanu sollittaaru. naanum sarinnutten. puthan kilamai. HM kitta solla vendaam."

டாக்டர் எதற்கு என்று கேட்டேன். ஓரகத்தி தயங்கினாள். என்னிடம் சொல்லக் கூடாது என்று தங்கை கேட்டுக்கொண்டிருக்கிறாள். மார்ச் மாதத்திலிருந்தே வயிற்றில் வலியாம். சாப்பிட்டால் வலது பக்கம் குத்துமாம், முதுகு வரை போகுமாம். ஸ்கேன் எடுத்ததில் பித்தப்பையில் கல். வலி அதிகமா குறைவா என்று ஒவ்வொரு நாளும் இவளுக்கு எழுதிக்கொண்டிருந்திருக்கிறாள். இந்த vali என்ற சொல் அந்த இன்பாக்ஸில் எத்தனை தடவை இருந்தது என்று எண்ணக்கூட எனக்குத் தோன்றவில்லை.

"சனியாழ்ச்சை வலி ஒன்னும் வேற இல்லைன்னு டாக்டர் சொன்னாரே, புதனாழ்ச்சை சும்மா ஒன்னு காட்டிட்டு வரணும் போல, பிறகு என்ன அக்கா" என்றாள்.

நான் திரும்பவும் படித்தேன். கிழமையை அவள் kilamai என்று அடித்திருந்தாள். அதே மெசேஜில், ஐந்து சொல் தாண்டி. கிழமை kilamai என்றால் vali எது? டாக்டர் வேறு வலி இல்லை என்று சொல்லவில்லை. வேறு வழி இல்லை என்று சொல்லியிருக்கிறார். அவளும் சரி என்றுவிட்டாள். புதன்கிழமை ஆபரேஷன்.

அனுப்பியவை என்ற பெட்டியைத் திறந்தேன். ஓரகத்தியின் பதில் 1.26-க்குப் போயிருந்தது. "Romba santhosham. Enakku ippo thaan nimmathi. Laddu vaangi saapidu."

அதை இரண்டு முறை படித்தேன்.

ஆனாலும் அந்த நேரத்தில் நான் கேட்டது வேறு. HM யார் என்று கேட்டேன். தெரிந்துதான் கேட்டேன். ஓரகத்தி ஜன்னலைப் பார்த்தாள். "அது சும்மா ஒரு தமாசு அக்கா. உங்களைத்தான்" என்றாள். ஹெட்மிஸ்ட்ரஸ். பிப்ரவரியிலேயே வைத்த பெயராம். முதலில் வைத்தது என் தங்கை. எதை எழுதினாலும் அக்கா சிவப்பு மையில் திருத்தும் என்று சொன்னாளாம்.

மார்ச் மாதத்துப் பக்கத்தை எடுத்துப் பார்த்தேன், ஓரகத்தி நின்றுகொண்டிருக்கும்போதே. மார்ச் 11. தங்கை எனக்கு எழுதியிருக்கிறாள்: "வயித்து வலியா இருக்குக்கா." அதற்கு நான் எழுதிய பதிலையும் குறித்து வைத்திருக்கிறேன். "வயிற்று வலி என்று எழுத வேண்டும். சீரகத் தண்ணீர் குடி." அதற்குப் பிறகு அவள் எனக்கு வலி என்ற சொல்லை எழுதவே இல்லை. நலம் என்றுதான் எழுதியிருக்கிறாள். அதில் பிழை வராது.

ஓரகத்தி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன அக்கா, தப்பா ஏதாச்சும் இருக்கா என்று மறுபடியும் கேட்டாள். ஒன்றும் இல்லை, நான் அவளிடம் பேசிப் பார்க்கிறேன் என்று சொல்லி போனைத் திருப்பிக் கொடுத்தேன். அவள் படி இறங்கும் சத்தம் முழுவதும் கேட்டது. பதினான்கு படி.

7.05-க்குத் தங்கையை அழைத்தேன். எடுக்கவில்லை. 7.12-க்குத் திரும்ப அழைத்தேன். எடுத்தாள். புதன்கிழமை என்ன என்று கேட்டேன். பின்னால் மின்விசிறி சத்தம் கேட்டது.

"அந்த அக்கா சொல்லிட்டாவளா?" என்றாள்.

சொல்லவில்லை, நானாகப் படித்தேன் என்றேன். நாளைக்கு சாயங்காலம் ஆஸ்பத்திரியில் சேர வேண்டும், புதன் காலையில் ஆபரேஷன், துளை போட்டு எடுத்துவிடுவார்களாம், இரண்டு நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களாம் என்று சொன்னாள். அவள் கணவர் லாரியோடு நாக்பூரைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறாராம். கூட யார் இருப்பார்கள் என்றேன். பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கேட்டிருக்கிறாளாம். நான் நாளைக்கே கிளம்பி வருகிறேன் என்றேன். அதற்குத்தான் அவள் அழுதாள்.

"பயந்து பயந்து ஒரு வரி போடுதேன், ரொம்ப சந்தோஷம், லட்டு வாங்கித் தின்னுன்னு போடுதாவக்கா. அப்படி என்ன செஞ்சுட்டேன் நான் அவங்களுக்கு? ரெண்டு நாளா அதையேதான் பாத்துட்டு இருக்கேன்."

இந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். ஒரு வாக்கியம் போதும். அவள் வழியை வலி என்று படித்துவிட்டாள் என்று. அந்த வாக்கியம் நாக்கு வரை வந்துவிட்டது. அதற்குள் அவள் தொடர்ந்தாள்.

"இனிமே அவங்களுக்கு ஒண்ணும் போட மாட்டேன். எனக்கு நீதாங்க்கா."

பதினேழு வாரமாக நான் கேட்க விரும்பியது அது. வந்துவிட்டது. நான், சரி, சாப்பிட்டாயா என்று கேட்டேன். ரசம் சாதம் என்றாள். கடை மேற்பார்வையாளரின் விக்கைப் பற்றிக்கூடச் சொன்னாள், மழையில் நனைந்து அது என்ன ஆனது என்று. இந்த முறை எனக்கே சொன்னாள். சிரித்தாள். சிரித்தால் வலிக்கிறது என்று நிறுத்தினாள். பதினெட்டு நிமிடம் பேசினோம். கடைசியாக அவ்வளவு நேரம் பேசியது எப்போது என்று பின்னால் பார்த்தேன். போன வருடம் தீபாவளிக்கு, அதுவும் பதினொரு நிமிடம்தான்.

போனை வைத்தபோது கீழே வாசற்கதவு திறந்தது. ஓரகத்தி படியின் அடியில் நின்று நிமிர்ந்து பார்த்தாள். பேசினீர்களா என்றாள். பேசினேன், கடையில் வேலை அதிகமாம், அதனால்தான் எழுதவில்லையாம் என்றேன். நாளை ஊருக்குப் போகிறேன், அவளுக்கு ஒரு சின்ன ஆபரேஷன் என்றும் சொன்னேன்.

ஆபரேஷனா என்று அவள் நெஞ்சில் கை வைத்தாள். டாக்டர் ஒன்றும் இல்லை என்றாரே என்றாள். திடீரென்று முடிவு செய்தார்களாம் என்றேன். அவள் உடனே தன் போனை எடுத்தாள். எனக்கு மேலே இருந்து அவள் விரல் தெரிந்தது. அடித்தாள், அழித்தாள், திரும்ப அடித்தாள். பிறகு, "கோபம் ஒன்னும் இல்லையே அக்கா, என்மேலே?" என்று கேட்டாள். எதற்குக் கோபம் என்றேன்.

8.30-க்கு நாட்குறிப்பை எடுத்தேன். 43 டோக்கன் எழுதினேன். மோர்க்குழம்பு எழுதினேன். தங்கையிடம் 18 நிமிடம் என்று எழுதினேன். ஓரகத்தியிடம் என்ன சொன்னேன் என்ற இடத்துக்கு வந்ததும் பேனா நின்றது. நான் இந்த நோட்டில் பொய் எழுதியதில்லை. அஜீரணம் என்று எழுதியதுதான் ஒரே விதிவிலக்கு, அதுகூட வயிறு சம்பந்தப்பட்டது. அந்த இடத்தில் இரண்டு வரி காலியாக விட்டேன்.

கணவர் கேட்டார், என்ன எழுதிக்கொண்டு இருக்கிறாய், முகம் ஒரு மாதிரி இருக்கிறதே என்று. நான் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவருக்கு ழகரத்தில் எல்லாம் ஆர்வம் இல்லை. கேட்டு முடித்துவிட்டு ஒன்றே ஒன்று சொன்னார். "நாளைக்கு நீ தங்கச்சி பக்கத்தில உட்கார்ந்திருக்கும்போது அவ போனைப் பார்த்துட்டே இருப்பா இல்லையா, இவ மெசேஜ் வருதான்னு." சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அவர் சொன்னது சரி. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. என் பக்கத்தில் படுத்துக்கொண்டு என் தங்கை இன்னொருத்திக்காக வருத்தப்படுவாள். நான் அதற்குச் சீரகத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருப்பேன்.

மறுநாள், ஜூலை 9, செவ்வாய். 5.10-க்கு எழுந்தேன். பால் காய்ச்சவில்லை. ஒரு துண்டுக் காகிதத்தில் இரண்டு சொல் எழுதிக்கொண்டு கீழே போய்க் கதவைத் தட்டினேன். ஓரகத்தி தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டே திறந்தாள். அவளுக்குத் தமிழ் எழுத்து கொஞ்சம் கூட்டிப் படிக்க வரும், காலண்டர் பார்த்துக் கற்றது. காகிதத்தை நீட்டினேன். வ, லி என்று படித்தாள். பிறகு வ, ழி என்று படித்தாள். சனிக்கிழமை மெசேஜைத் திறந்து காட்டச் சொன்னேன். vali-யின் மேல் விரலை வைத்தேன், பிறகு kilamai-யின் மேல் வைத்தேன், பிறகு காகிதத்தில் இரண்டாவது சொல்லின் மேல். அவளுக்கு அரை நிமிடம் ஆனது. பிறகு வாயைப் பொத்திக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"நான் லட்டு தின்னச் சொல்லிட்டேனே அக்கா" என்றாள்.

எனக்கு நேற்று மாலையே தெரியும் என்றேன். ஜூன் மாதத்து மலை மலை இல்லை, மழை என்றும் சொன்னேன். அப்போதும் தெரியும் என்று சொன்னேன். அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். ஏன் சொல்லவில்லை என்று கேட்பாள் என்று எதிர்பார்த்தேன். கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். போனை மட்டும் என் கையில் கொடுத்தாள்.

"நீங்க அடிங்க அக்கா. எனக்கு இனி பேடியா இருக்கு, தப்பாப் போயிடும்."

அவளுக்குப் பயம். நான் படியில் உட்கார்ந்து அடித்தேன். பட்டன் போனில் z வர ஒன்பதை நான்கு முறை அழுத்த வேண்டும், h வர நான்கை இரண்டு முறை. ஒரு ழகரத்துக்கு ஆறு அழுத்து. "Ava mela thappu illa. Nee ezhuthinathu vazhi. Ava padichathu vali. Enakku munnaadiye theriyum, naan sollala." மூன்றாவது ழகரத்துக்கு வேலை இல்லாமல் செய்தி முடிந்துவிட்டது. அவள் என் தோளுக்குப் பின்னால் குனிந்து ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் மூச்சு என் காதில் பட்டது எனக்குப் பிடிக்கவில்லை. இந்தச் செய்தி போய்ச் சேர்ந்ததும் இவர்கள் இருவரும் எப்படிப் பேசிக்கொள்வார்கள், மதியம் 1.15-க்கு என்னவெல்லாம் போகும் என்பதும் எனக்குத் தெரிந்தே இருந்தது.

அனுப்பும் முன் ஒன்று தோன்றியது. இது ஓரகத்தியின் நம்பர். யார் எழுதியது என்று கீழே போடாவிட்டால், இவளே எழுதிக்கொண்டதாகத் தங்கை நினைப்பாள். என் பெயரை அடிக்கப் போனேன். பிறகு நான்கை இரண்டு முறை அழுத்தினேன், ஆறை ஒரு முறை. hm என்று சின்ன எழுத்தில் விழுந்தது. அழித்துவிட்டு, பெரிய எழுத்துக்கு மாற்றி, HM என்று திருத்தி அனுப்பினேன். 5.31.